மார்பு எக்ஸ்ரேயைப் படிக்க யார்? சாட்பாட், காசநோய் மென்பொருள், டாக்டர்: ஓர் ஒப்பீடு

எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து, சாட்பாட்டிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் பரவிவருகிறது. டாக்டரைப் பார்க்க மாலை வரை காத்திருக்க வேண்டும், சாட்பாட் உடனே பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலின் மதிப்பு என்ன என்பதை ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். அவருக்கு வயது 52. புகைப்பழக்கம் உண்டு. 2 ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்கு முழுமையாக மருந்து சாப்பிட்டவர். இப்போது 3 வாரமாக இருமல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது.

முதலில் சாட்பாட். அதற்குக் கிடைப்பது எக்ஸ்ரே அல்ல, எக்ஸ்ரேயின் புகைப்படம். டிஜிட்டல் எக்ஸ்ரேயின் மூலக்கோப்பில் ஆயிரக்கணக்கான சாம்பல் நிறப் படிகள் இருக்கும். மருத்துவர் திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, இதயத்தின் பின்னாலும் காறை எலும்பின் அடியிலும் ஒளிந்திருப்பதைத் தேடுவார். சாதாரண செல்போன் படத்தில் அந்தப் படிகள் 256-க்குள் சுருங்கிவிடுகின்றன. கண்ணாடிப் பளபளப்பும் விரல் நிழலும் வேறு சேர்ந்துகொள்கின்றன. சிறிய கட்டி ஒன்று இருந்தால் இந்த இடத்திலேயே அது காணாமல் போகலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது பதிலின் தொனி. திட்டைச் சரியாகக் கண்டபோதும், காணாதபோதும் அது ஒரே சரளத்தோடு பேசுகிறது. அதே படத்தை ஒருமுறை "இருமல், காசநோயாக இருக்குமோ?" என்றும், இன்னொருமுறை "வேலைக்குச் சேரும் முன் எடுத்த சாதாரணப் பரிசோதனை" என்றும் சொல்லிக் கேட்டால் பதில் மாறக்கூடும். படம் மாறாமல் பதில் மாறினால், அது படத்தைவிட நம் சொற்களைத்தான் அதிகம் படித்திருக்கிறது என்று பொருள்.

காசநோய் மென்பொருள் வேறு வகை. எக்ஸ்ரேயில் காசநோயின் அடையாளங்களைக் கண்டறிவதற்கென்றே உருவாக்கப்பட்ட இத்தகைய மென்பொருள்களை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. இது மூலக்கோப்பைப் படித்து ஒரு மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊர்களில் இது பெரிய உதவி, அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நம் நோயாளியிடம் இதுவும் தடுமாறும். ஒருமுறை காசநோய் வந்தவரின் பழைய தழும்பும் மதிப்பெண்ணை உயர்த்திவிடும். ஆகவே அது நோயைத் தீர்மானிப்பதில்லை, அடுத்த பரிசோதனை யாருக்குத் தேவை என்று மட்டும் சொல்கிறது.

டாக்டர் திட்டைப் பார்ப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார். நிற்கவைத்து எடுத்ததா, படுக்கவைத்து எடுத்ததா? மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தாரா? படுக்கையில் முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் இயல்பான இதயமும் பெரிதாகத் தெரியும். பெண்களுக்குத் தோளில் விழுந்த ஜடைகூட நுரையீரலின் உச்சியில் காசநோய்த் திட்டைப் போலவே நிழலாடும். அந்த நிழல் நுரையீரலின் எல்லையைத் தாண்டிக் கழுத்துவரை நீள்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் முடியை உயர்த்திக் கட்டச் சொல்லி மறுபடி எடுப்பார்கள்.

நம் நோயாளியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி: "பழைய ஃபிலிம் இருக்கிறதா?" சிகிச்சை முடிந்தபோது எடுத்த படத்திலும் திட்டு இதே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் தழும்பு. புதிதாக வந்ததென்றால் சளிப் பரிசோதனை. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கிருமியின் மரபணுவைத் தேடும் விரைவுப் பரிசோதனை, அண்மையில் சிகிச்சை முடித்தவரிடம் செத்த கிருமியின் எச்சத்தையும் காட்டிவிடலாம். அதனால் உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையையும் கேட்பார். அதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். கிருமி இல்லை, திட்டு மட்டும் வளர்கிறது என்றால், புகைப்பவர் என்பதால் புற்றுநோயை மனதில் வைத்து சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் நடக்கும். தழும்பு, காசநோய், புற்று ஆகிய மூன்றும் ஒற்றைப் படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரியக்கூடியவை. அவற்றைப் பிரித்துக் காட்டுபவை பழைய படமும், சளியும், நோயாளியின் கதையும்தான்.

டாக்டர்களும் தவறவிடுகிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களுக்குள் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி வைத்தார்கள். கட்டிகளைத் தேடிக்கொண்டிருந்த 24 ரேடியாலஜிஸ்ட்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அப்படித் தவறவிட்டாலும், நோயாளியின் இருமல் தணியாதபோது அதே டாக்டர் படத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறார், இன்னொருவரிடம் காட்டுகிறார். அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

சாட்பாட்டுக்குப் பொருத்தமான வேலை, ரேடியாலஜிஸ்ட் எழுதிய அறிக்கையின் சொற்களை விளக்குவது. "ஃபைப்ரோசிஸ்" என்றால் தழும்பு என்று தெரிந்துகொண்டு டாக்டரிடம் போனால், அது புதியதா பழையதா என்று கேட்கலாம். போகும்போது பழைய ஃபிலிம்களையும், மருத்துவமனை படங்களைப் பதிந்து தந்த குறுந்தட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இருமலில் ரத்தம் வந்தாலோ மூச்சு திணறினாலோ, எந்தப் படத்துக்கும் விளக்கம் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.