மெமரி கார்டு "லாக்" என்று காட்டினால் கடைக்கு ஓடாதீர்கள் (அக்கா மகள் காதுகுத்து போட்டோ போன கதை)

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைப் பெயர் எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். அந்த ஒரு கடையில் மட்டும் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மாசி மாதம் தீர்த்தமலையில் அக்கா மகளுக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் நான்தான், அதனால் பிள்ளையை மடியில் உட்கார வைக்கும் நேரத்தில் கேமராவைச் சித்தி மகனிடம் கொடுத்துவிட்டேன். கேனான் டிஎஸ்எல்ஆர், 32 ஜிபி எஸ்டி கார்டு. முந்தின நாள் இரவு கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிட்டுத்தான் போனேன் (தீபாவளியிலிருந்து பொங்கல் வரைக்கும் எடுத்ததெல்லாம் வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது). அன்றைக்கு மொத்தம் 612 போட்டோ.

சாயந்தரம் தம்பி லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம் என்று கார்டைச் சொருகினான், எடுக்கவில்லை, நகத்தால் நெம்பி வெளியே இழுத்தான். திரும்பக் கேமராவில் போட்டால் `Card's write protect switch is set to lock` என்று வருகிறது. கார்டைப் பார்த்தால் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன லாக் நகர்த்தியையே காணோம், எங்கேயோ உடைந்து விழுந்துவிட்டது. ஆனால் ப்ளே பட்டனை அழுத்தினால் 612 போட்டோவும் கேமராவில் தெரிகிறது. இதைத்தான் அன்றைக்கு நான் சரியாக யோசிக்கவில்லை. போட்டோ தெரிகிறது என்றால் கார்டு நன்றாக இருக்கிறது, புதிதாக எழுதத்தான் விடவில்லை என்று அர்த்தம். கேமராவோடு வந்த யுஎஸ்பி கேபிளை மாட்டி அப்படியே காப்பி எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த லாக் எப்படி வேலை செய்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்கும் கார்டுக்குள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வெறும் பிளாஸ்டிக் துண்டு. கேமரா துளைக்குள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது, பிளாஸ்டிக் அதன் மேல் முட்டினால் "எழுதலாம்", அந்த இடம் பள்ளமாக இருந்தால் "லாக்". துண்டு விழுந்துவிட்டால் பள்ளம்தானே, அதனால் லாக் என்றே காட்டும். கார்டின் லேபிள் நம்மைப் பார்க்க, தங்க நிறக் கால்கள் உள்ள முனை மேலே இருக்கும்படி பிடித்தால் பள்ளம் இடது ஓரத்தில் இருக்கும். அந்தப் பள்ளத்தின் மேல்பாதியை மூடுகிற மாதிரி மெல்லிய செல்லோடேப் ஒரு துண்டு ஒட்டினால் லாக் போய்விடும். டேப் பின்பக்கத்துத் தங்கக் கால்கள் மேல் ஏறக்கூடாது, தடிமனாகவும் இருக்கக்கூடாது, துளைக்குள் சிக்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே காப்பி எடுக்காத போட்டோ இருக்கும்போது லாக்கை எடுக்கவே வேண்டாம். படிப்பதற்கு லாக் ஒரு தடையே இல்லை.

சரி, இது எதுவும் தெரியாமல் மறுநாள் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். நான் கேட்டது ரெண்டே ரெண்டு: போட்டோவைப் பென்டிரைவில் போட்டுக்கொடு, லாக்கைச் சரி பண்ணிக்கொடு. கடைத் தம்பி ஒரு பழைய கார்டு ரீடரில் சொருகினார். ஒயர் லூசு, கையால் பிடித்துக்கொண்டால்தான் விளக்கு எரிகிறது. திரையில் `You need to format the disk in drive F: before you can use it.` என்று வந்தது. பத்து நிமிஷம் முன்புதான் கேமராவில் போட்டோ பார்த்த கார்டு அது! அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியது ரீடரைத்தான். இவர் Format disk பட்டனை அழுத்தினார், அடுத்ததில் Start-ஐயும் அழுத்தினார். `The disk is write protected` என்று வந்து நின்றுவிட்டது. அதாவது உடைந்துபோன அந்த லாக், என் போட்டோவை ஒரு தடவை காப்பாற்றியது. தம்பி என்ன செய்தார் தெரியுமா, மேஜையில் இருந்த டேப்பைக் கிழித்துப் பள்ளத்தில் ஒட்டினார், திரும்பச் சொருகி மறுபடியும் அழுத்தினார். "ஃபார்மட் பண்ணினா போட்டோ போயிடாதா தம்பி?" என்றேன். "அண்ணா, இது கரப்ட் ஆன கார்டு, ஃபார்மட் பண்ணாத்தான் ஓப்பன் ஆகும்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதற்கு இன்னும் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நல்ல காலம், Quick Format கட்டத்தில் டிக் இருந்தது. டிக் இருந்தால் எந்தப் போட்டோ எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் அழியும், போட்டோக்கள் அப்படியே கிடக்கும். டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்திருந்தால் விண்டோஸ் கார்டு முழுக்கப் பூஜ்ஜியம் எழுதியிருக்கும், அதற்கப்புறம் எந்த சாஃப்ட்வேரும் எதையும் கொண்டுவராது.

கார்டு காலி. அப்புறம் கதை மாறியது. "ரெகவரி பண்ணணும்ணா, பெங்களூர் லேப்புக்கு அனுப்பணும், 2,500 ஆகும்." 1,500 முன்பணம் கொடுத்தேன். மூன்றாம் நாள் மீதியையும் வாங்கிக்கொண்டு கார்டையும் பென்டிரைவையும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் 430 போட்டோ. அதில் 190 பொங்கல் போட்டோ, என்னிடம் ஏற்கெனவே இருப்பவை! மீதி 240 காதுகுத்து, அதிலும் ஏறக்குறைய 90 திறக்கவே இல்லை, கோப்பின் அளவு 8 எம்பி என்று சரியாகக் காட்டுகிறது, படம் இல்லை. "அவ்வளவுதாண்ணா வரும்" என்று போனில் முடித்துக்கொண்டார்.

காவேரிப்பட்டணத்தில் நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை. கார்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் செய்தது டேப்பைப் பிய்த்து எறிந்தது. "லாக்காவே இருக்கட்டும்பா, அதுதான் நமக்கு நல்லது." அப்புறம் கார்டில் நேரடியாக எதையும் தேடாமல், முழுக் கார்டையும் ஒரே கோப்பாகத் தன் லேப்டாப்புக்குப் பிரதி எடுத்தார். லினக்ஸில் இந்த ஒரு வரி:

```
sudo ddrescue -d /dev/sdb card.img card.map
```

`sdb` என்பது அவர் லேப்டாப்பில் கார்டுக்கு வந்த பெயர், உங்களுக்கு வேறாக இருக்கலாம், முதலில் `lsblk` அடித்து எது கார்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள், 32 ஜிபி கார்டு அதில் 30ஜிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். வன்தட்டில் 32 ஜிபி காலி இடம் வேண்டும், அரை மணி நேரம் போல ஆனது. கார்டில் கெட்டுப்போன பகுதி இருந்தால் அதைத் தாண்டிப்போய் நல்லதை முதலில் எடுத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து முயற்சி செய்யும். இதற்கப்புறம் கார்டு டப்பாவுக்குள் போய்விட்டது, எல்லா வேலையும் அந்தப் பிரதியில்தான்.

தேடியது PhotoRec என்ற இலவச சாஃப்ட்வேரில். விண்டோஸில் `qphotorec_win.exe` என்று பட்டன் வைத்த வடிவமே இருக்கிறது. பிரதிக் கோப்பைக் காட்டி, Free என்பதற்குப் பதில் Whole என்பதைத் தேர்ந்து, மீட்டதைச் சேமிக்கும் இடமாக லேப்டாப் வன்தட்டைக் கொடுத்தால் போதும். அது பட்டியலைப் பார்ப்பதே இல்லை, ஒவ்வொரு போட்டோவும் தொடங்கும் இடத்தில் இருக்கும் அடையாளத்தை வைத்து எடுக்கிறது. அதனால் IMG_ பெயர்கள் எல்லாம் போய்விடும், f என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு நீள எண் வரும். அந்த எண்தான் கார்டில் அந்தப் போட்டோ தொடங்கும் இடம். எண் வரிசையில் அடுக்கினால் கார்டுக்குள் என்ன எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

`recup_dir.1`, `recup_dir.2` என்று இரண்டு ஃபோல்டர் வந்தது. பெயர் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் முதலில் 190 பொங்கல் போட்டோ. மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடிப்பது, கோலம், அம்மா பானை வைப்பது. அதற்குப் பிறகு காதுகுத்து 423. அதற்குப் பிறகு, எங்கேயோ பின்னால், அதே 190 பொங்கல் போட்டோ இரண்டாவது தடவை. நண்பர் திரையைத் தட்டிக் காட்டினார். பின்னால் இருப்பதுதான் பழையது, தை மாதமே அங்கே எழுதப்பட்டது. முன்னால் இருப்பது அந்தக் கடைக்காரர் ரெகவரி செய்து, அதே கார்டிலேயே சேமித்தது. ஃபார்மட் ஆன கார்டு காலி என்று நினைத்துக்கொண்டு விண்டோஸ் முன்னால் இருந்தே எழுதியிருக்கிறது. முன்னால் இருந்தது என்ன? காலையில் முதலில் எடுத்த போட்டோக்கள். மொட்டை, காதுகுத்து, என் மடியில் பிள்ளை அழுதது. ஒரு போட்டோ 8 எம்பி என்றால் 190 போட்டோவுக்கு ஒன்றரை ஜிபி, அந்த ஒன்றரை ஜிபியும் அந்த நேரத்துப் படங்கள்தான். பென்டிரைவில் திறக்காமல் இருந்த 90ம் இதனால்தான்: சாஃப்ட்வேர் முதலில் போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் படித்திருக்கிறது, அங்கே அதற்குள் பொங்கல் உட்கார்ந்துவிட்டது. லேப்பாவது பெங்களூராவது, கடைக் கம்ப்யூட்டரில்தான் நடந்திருக்கிறது.

612இல் 423 வந்தது. மீதி 189 மேல் வேறு போட்டோ எழுதியாகிவிட்டது, அதை எந்த லேப்பும் எடுக்க முடியாது என்று நண்பர் சொல்லிவிட்டார்.

இதே நிலைமை உங்களுக்கு வந்தால்: கேமராவோ கம்ப்யூட்டரோ ஃபார்மட் கேட்டால் Cancel. `Scan and fix` என்று கேட்டாலும் வேண்டாம், அது பட்டியலைத் திருத்துகிறேன் என்று போட்டோக்களைத் துண்டாக்கி CHK கோப்புகளாக ஆக்கிவிடும். உலர்ந்த துணியால் தங்கக் கால்களைத் துடைத்து வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள், சில கார்டுகள் அங்கேயே சரியாகிவிடும். கார்டின் அளவு கம்ப்யூட்டரில் ஏறக்குறைய சரியாக, 32 ஜிபி கார்டுக்கு 30 ஜிபி பக்கம், தெரிந்தால் மேலே சொன்ன பிரதி முறை வேலை செய்யும். அளவே தெரியவில்லை, அல்லது சில எம்பி என்று காட்டுகிறது என்றால் சிப் பக்கம் கோளாறு, வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், "ரெகவரி பண்றதை எதில் சேவ் பண்ணுவீங்க?" பதிலில் தடுமாறினால் கார்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

போன வாரம் அந்த ரெண்டு ஃபோல்டரையும் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போய்க் கடைத் தம்பியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கடைசியில், "ஏண்ணா, பொங்கல் போட்டோவாவது வந்துச்சுல்ல" என்றார்.