பணி நிறைவு போஸ்டர்: மொசைக்கா, வருடக் கட்டமா, முக வரிசையா?

மே மாதக் கடைசியில் ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் போஸ்டர் போட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தால் மூன்று யோசனைகள்தான் வரும். பழைய குழுப் படங்களைச் சின்னச் சின்னச் சில்லுகளாக்கி, தள்ளி நின்று பார்த்தால் ஆசிரியரின் முகம் தெரிகிற மாதிரி மொசைக் செய்வது ஒன்று. வருடத்துக்கு ஒரு படமாகக் கட்டம் கட்டி அடுக்குவது இன்னொன்று. ஒவ்வொரு வருடப் படத்திலிருந்தும் அவர் முகத்தை மட்டும் வெட்டி ஒரே வரிசையில் வைத்து, கீழே சில குழுப் படங்களைப் பெரிதாகப் போடுவது மூன்றாவது.

மூன்றையும் ஒரே கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். 1994 ஜூனில் ஓர் உதவி பெறும் பள்ளியில் சேர்ந்து 2025 மே மாதம் ஓய்வு பெறுகிற ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். 31 கல்வியாண்டுகளில் தேடிக் கிடைத்தவை 22 குழுப் படங்கள். எல்லாம் 8×12 அங்குல பிரிண்ட், படத்துக்குச் சுமார் 30 பேர். அந்த அளவில் ஒரு முகத்தின் அகலம் ஏறக்குறைய 12 மி.மீ. போஸ்டர் 24×36 அங்குலம்.

மொசைக் கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு முகம் அடையாளம் தெரிய ஆயிரக்கணக்கில் சில்லுகள் வேண்டும். அரை அங்குலச் சில்லு என்றால் 48×72, அதாவது 3,456. 22 குழுப் படங்களை அப்படியே உள்ளே விட்டால் ஒவ்வொன்றும் 150 தடவைக்கு மேல் திரும்ப வரும்; 12 அங்குலப் படம் அரை அங்குலமாகச் சுருங்கியதும் 12 மி.மீ. முகம் அரை மி.மீ. ஆகிவிடும். பக்கத்தில் வந்து ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று தேடுகிற சக ஆசிரியருக்குப் பொட்டு அளவு புள்ளிதான் கிடைக்கும். குழுப் படத்துக்குப் பதில் 660 முகங்களையும் தனித்தனியாக வெட்டலாம். முகத்துக்கு ஒரு நிமிடம் என்றாலே 11 மணி நேர வேலை. அதற்குப் பிறகும் இன்னொரு சிக்கல் உண்டு. மொசைக்குக்கு வெளிச்சச் சில்லும் வேண்டும், கருஞ்சில்லும் வேண்டும். முகங்களை மட்டும் வெட்டினால் எல்லாம் நடுத்தரப் பழுப்பாகவே இருக்கும். கூந்தலுக்கும் நெற்றிக்கும் வேறுபாடு வராததால், AndreaMosaic போன்ற மென்பொருளில் நிறச் சாயம் ஏற்றித்தான் உருவம் கொண்டுவர முடியும். சாயம் கூடக் கூட, உள்ளே இருப்பது யார் முகமாக இருந்தாலும் ஒன்றுதான் என்றாகிவிடும். ஆண்டு விழா, சுற்றுலா, விளையாட்டு விழா என்று பல நூறு விதவிதமான படங்கள் கையில் இருந்தால் மொசைக் செய்யலாம். குழுப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டாம்.

வருடக் கட்டத்தில் வேலை குறைவு. 22 படங்களையும் வரிசைக்கு ஐந்தாக, 6×4 அங்குலத்தில் அடுக்கினால் ஐந்து வரிசையில் முடிந்துவிடும். முகம் 6 மி.மீ. வரும், குனிந்து பார்த்தால் ஆள் தெரியும். குறை என்னவென்றால், வருடம் போட்டு அடுக்கியதுமே இல்லாத ஒன்பது வருடங்கள் கண்ணில் படும். ‘2003 எங்கே?’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். இடமாறுதலில் பல ஊர் பார்த்த அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இதே கட்டத்தை வருடத்தை விட்டுப் பள்ளிவாரியாகப் பிரித்தால் நன்றாக அமையும். ஒரு பள்ளிக்கு இரண்டு படம் இருந்தாலே இடைவெளி தெரியாது. ஒரே பள்ளியில் இருந்தவருக்கு அந்த வழி இல்லை.

முக வரிசையில் வருடம் எழுத வேண்டியதில்லை என்பதால் இந்தக் குறை இல்லை. 22 முகங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம் என்றால் 33 அங்குலம். 36 அங்குலப் பக்கத்தை அகலமாக வைத்தால் இரு ஓரமும் ஒன்றரை அங்குலம் விட்டுக் கச்சிதமாகப் பொருந்தும். கீழே 10.5×7 அங்குலத்தில் ஆறு குழுப் படங்கள், இரண்டு வரிசை. ஒவ்வொன்றின் கீழும் ‘அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று பெயர்கள். தனியாகப் பெரிய உருவப் படம் இல்லையே என்பார்கள். அது மேடை ஃபிளெக்ஸில் எப்படியும் இருக்கும்.

இதில் சிரமம் முகத்தை வெட்டுவதில்தான். தோளோடு தோள் நிற்பதால் தலையைச் சுற்றி 20 மி.மீ. அகலம்தான் கிடைக்கும். பிரிண்டை ஸ்கேனரில் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 பிக்சலாக எடுத்தால் அந்த 20 மி.மீ.யில் சுமார் 470 பிக்சல் இருக்கும். ஒன்றரை அங்குலத்தில் அச்சிட்டால் 300 டிபிஐக்குக் குறையாது. அதே படத்தை யாராவது போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். முகத் துண்டுக்கு மிஞ்சுவது 105 பிக்சல், அச்சில் 70 டிபிஐ. கண்ணும் மூக்கும் குழைந்துபோகும். ஆகவே பிரிண்டையே கேட்டு வாங்க வேண்டும். முடியாவிட்டால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்வதால் கூடுதல் லாபம் இல்லை, பழைய பிரிண்டிலேயே அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

A4 ஸ்கேனரின் நீளம் 297 மி.மீ., 12 அங்குலம் 305 மி.மீ. அந்த 8 மி.மீ.க்காகப் படத்தின் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள், ஓரத்தில் நிற்பவருக்கும் பெயர் உண்டு. மூடியைத் திறந்து வைத்து, நடுவில் மூன்று அங்குலம் இரண்டிலும் வருமாறு இரு தடவை எடுத்து, போட்டோஷாப்பின் Photomerge மூலம் ஒட்டிவிடலாம். சொரசொரப்பான தாளில் போட்ட பழைய பிரிண்ட் ஸ்கேனில் பொரிப்பொரியாக வரும், ஏனென்றால் ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை எடுத்து, நிமிர்த்தி, முதல் ஸ்கேன் மேல் பொருத்தி 50 சதவீத ஒளிபுகுதன்மை வைத்தால் பொரி பெருமளவு அடங்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் பிடுங்கக் கூடாது, முகமே கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

வரிசையில் அடுக்கும்போது எல்லா முகங்களின் கண்ணும் ஒரே உயரத்திலும், கண்ணிலிருந்து தாடைவரை உள்ள நீளம் ஒரே அளவிலும் இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் 1998இல் தலை பெருத்து 1999இல் சிறுத்த மாதிரி இருக்கும். பழைய கலர் படங்கள் சிவந்தும் மஞ்சள் பூத்தும் இருக்கும், ஒவ்வொன்றையும் சரிசெய்வது வீண் பாடு. முக வரிசையை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, ஆறு குழுப் படங்களைக் கலராக விடுவதே சுலபம்.

ஆறு படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் மனத்தாங்கல் வரும். வருகைப் பதிவேட்டை வைத்து, நீண்ட காலம் உடன் பணியாற்றியவர் ஒவ்வொருவரும் ஒரு படத்திலாவது இருக்கிறாரா என்று டிக் அடித்துப் பாருங்கள். படம் எடுத்த அன்று விடுப்பில் இருந்தவர்தான் வழக்கமாக விடுபடுவார்.

அச்சுக்கு ஃபிளெக்ஸ் ஒத்துவராது. தூரத்திலிருந்து பார்க்கவென்று இருக்கும் அதில் 14 பாயின்ட் எழுத்தில் உள்ள பெயர்கள் கசங்கித் தெரியும், சுருட்டி வைத்தால் மடிப்பு விழும். வினைல் ஸ்டிக்கரில் அடித்து, மேலே மேட் லேமினேஷன் போட்டு, 5 மி.மீ. சன்போர்டு என்கிற நுரைப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை யூனிகோடில் தட்டிக் கொடுத்தாலும், பழைய கோரல்டிரா மென்பொருளில் வேலை செய்கிற கடையில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அவர்கள் வேறு எழுத்துருவில் திரும்பத் தட்டுவார்கள். எழுத்துப்பிழை நுழைவதும், தலைப்பெழுத்து மாறுவதும் அங்கேதான். அடிக்கும் முன் PDF வாங்கி, அந்தந்த வருடத்தில் பணியில் இருந்த ஒருவரிடம் கொடுத்து, பெயரையும் ஆளையும் விரல் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.