ஆய்வகத்திலிருந்து மீன் ஏற்றுமதிக்கு: ஒரே கலாநிதியின் இரண்டு சுயவிவரங்கள்

திருகோணமலையில் மீன் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்று தர உறுதி முகாமையாளர் பதவிக்கு விளம்பரம் செய்தால், உணவு விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் முடித்த ஒருவராவது விண்ணப்பிக்காமல் இருப்பதில்லை. அவருடைய சுயவிவரம் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் ஒன்றாக இருக்கும். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு எழுதியதை அப்படியே அனுப்பியிருப்பார்; அல்லது, தொழில்துறைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்ன அறிவுரையை ஏற்று, ஆய்வின் வாசனையே இல்லாமல் திருத்தி எழுதியிருப்பார். தெரிவுக்குழுவில் இருப்பவர்கள் முதலாவதைச் சலிப்போடு ஒதுக்குவதும் இரண்டாவதை ஆர்வத்தோடு எடுப்பதும் வழமை. இரண்டையும் அருகருகே வைத்து ஒரே ஆய்வுக் கட்டுரையை அவை எப்படிச் சொல்கின்றன என்று பார்த்தால், அந்த வழமை சரியா என்ற ஐயம் எழும்.

கணக்கு எளிதாக விளங்குவதற்காக, எண்களை முழு எண்களாக்கிய மாதிரி விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பதாரி மஞ்சள் செட்டைச் சூரையில் ஹிஸ்டமின் உருவாவதைப் பற்றி ஆய்வு செய்தவர். மூன்று கட்டுரைகள் வெளிவந்துள்ளன. அவற்றில் ஒன்றில் அவர் முதல் ஆசிரியர். ஹிஸ்டமின் என்பது, மீன் இறந்தபின் அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சில பற்றீரியாக்கள் மாற்றுவதால் உண்டாகும், உண்பவருக்கு நஞ்சாகக்கூடிய பொருள். ஒருமுறை உண்டாகிவிட்டால் சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. ஆகவே, மீன் பிடிபட்ட நேரத்திலிருந்து அதைக் குளிர வைக்கும் வரை படகில் என்ன நடந்தது என்பதே ஏற்றுமதியாளருக்கு முக்கியம். திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் பலநாட் படகுகளிலிருந்து மீன் வாங்குபவருக்கு இது நன்கு தெரியும்.

முதல் வடிவம் எட்டுப் பக்கங்கள் கொண்டது. கல்வித் தகைமை, ஆய்வேட்டின் தலைப்பு, மேற்பார்வையாளர், மாநாடுகள், பின்னர் கட்டுரைகளின் பட்டியல். ஹிஸ்டமின் கட்டுரைக்கு அதில் கிடைத்திருப்பது தலைப்பும் சஞ்சிகையின் பெயரும், அந்தச் சஞ்சிகையின் தாக்கக் காரணியும்தான். தாக்கக் காரணி தொழிற்சாலைக்கு எதையும் சொல்வதில்லை. அது சஞ்சிகையின் சராசரி மேற்கோள்களைக் குறிக்கும் எண்ணே தவிர, இந்த ஆய்வைப் பற்றிய எண் அன்று. ஆய்வாளர்களை மதிப்பிட அதைப் பயன்படுத்த வேண்டாமென்று ஆய்வுலகமே 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனத்தில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் இந்த எட்டுப் பக்கங்களில் பொய் இல்லை. எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். வாசிப்பவர் கட்டுரையைத் தேடியெடுத்துத் திறக்க வேண்டும் என்பதே அதன் குறை. இருபது விண்ணப்பங்களை ஒரு பிற்பகலில் பார்ப்பவர் அதைச் செய்யமாட்டார்.

இரண்டாம் வடிவம் ஒரு பக்கம். அதே கட்டுரை அங்கே இப்படி வருகிறது: “குளிரூட்டல் நடைமுறையை மேம்படுத்தி, ஏற்றுமதி மீனின் நிராகரிப்பு அபாயத்தை 30 சதவீதம் குறைத்தேன்.” அதற்குக் கீழே, “மூன்று ஆய்வுத் திட்டங்களைத் தலைமை தாங்கி நடத்தினேன்.” வாசித்தவுடன் பிடித்துப்போகும் வரிகள் இவை. எண் இருக்கிறது, செயல் இருக்கிறது, பயன் இருக்கிறது. ஆனால் அந்த 30 எங்கிருந்து வந்தது?

கட்டுரையைத் திறந்தால் விடயம் தெளிவாகும். ஆய்வு 54 மீன்களில் நடந்தது. குளிரூட்டும் முறைகள் இரண்டு: உடைத்த கட்டி ஐஸ் ஒன்று, ஐஸைக் கடல்நீரோடு கலந்து குழம்பாக்கியது மற்றொன்று. ஐஸ் இடுவதற்கு முந்திய தாமதம் மூன்று நிலைகளில்: உடனடியாக, 4 மணித்தியாலம் கழித்து, 8 மணித்தியாலம் கழித்து. அளவிட்ட நாட்கள் மூன்று. ஒவ்வொரு சேர்க்கைக்கும் மூன்று மீன்கள். 8 மணித்தியாலத் தாமதத்தின்பின் 12ஆம் நாளில், கட்டி ஐஸில் இருந்த மூன்று மீன்களில் கிலோவுக்கு 60, 80, 130 மில்லிகிராம் ஹிஸ்டமின் காணப்பட்டது, சராசரி 90. குழம்பு ஐஸில் 45, 64, 80, சராசரி 63. தொண்ணூறிலிருந்து அறுபத்துமூன்று, முப்பது சதவீதக் குறைவு. கணக்கு சரி. ஆனால் அது மூன்று மீன்களுக்கும் மூன்று மீன்களுக்கும் இடையிலான சராசரி வேறுபாடு. அதுவும் மிக மோசமான தாமத நிலையில். இரண்டு தொகுதிகளின் அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால், அந்த வேறுபாட்டையே உறுதியாகச் சொல்ல முடியுமா என்பதும் கேள்விதான்.

அதைவிடப் பெரிய பிழை, ஹிஸ்டமின் குறைந்த சதவீதத்தை நிராகரிப்புக் குறைந்த சதவீதமாக மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 ஒழுங்குவிதி, இத்தகைய மீன்களுக்கு ஒரு தொகுதியிலிருந்து ஒன்பது மாதிரிகளை எடுக்கச் சொல்கிறது. சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரண்டு மாதிரிகள் வரை 100க்கும் 200க்கும் இடையில் இருக்கலாம். எதுவும் 200ஐத் தாண்டக்கூடாது. இந்த விதியின்படி 90, 63 என்ற இரண்டு சராசரிகளுமே எல்லைக்குள் இருக்கின்றன. ஒரு தொகுதி நிராகரிக்கப்படுமா என்பதைச் சராசரி மட்டும் தீர்மானிப்பதில்லை. 130 போன்ற தனி மீன்கள் எத்தனை வருகின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆய்வாளர் ஏற்றுமதித் தொகுதி ஒன்றைக்கூட அனுப்பிப் பார்க்கவில்லை. ஆகவே நிராகரிப்பைப் பற்றிய வரி, நல்ல நம்பிக்கையில் எழுதப்பட்டிருந்தாலும், கட்டுரையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது.

இதைக் கண்டுபிடிக்க மீனியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சதவீதம் வரும் வரியில், எதில் எத்தனைக்கு, எந்தக் காலத்தில், யார் அளந்தது என்ற மூன்றையும் கேட்டால் போதும். நேர்முகத் தேர்வில் விண்ணப்பதாரி தயங்காமல், “அது பன்னிரண்டாம் நாள் மூன்று மீன்களின் சராசரி, ஏற்றுமதித் தொகுதி இல்லை” என்று திருத்திச் சொன்னால் அவரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தான் செய்தது என்ன, செய்யாதது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பிழை சுயவிவரம் எழுதிய முறையில்தான். எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் அதுவே விடை.

“மூன்று திட்டங்களைத் தலைமை தாங்கினேன்” என்ற வரியைச் சோதிப்பது இன்னும் எளிது. பல சஞ்சிகைகள் கட்டுரையின் இறுதியில் ஒவ்வோர் ஆசிரியரும் என்ன செய்தார் என்று வெளியிடுகின்றன. நமது விண்ணப்பதாரி ஹிஸ்டமின் கட்டுரையில் ஆய்வைத் திட்டமிட்டு, தரவைச் சேகரித்து, முதல் வரைவை எழுதியவர். இரண்டாவது கட்டுரையில், எச்.பி.எல்.சி. கருவியில் ஹிஸ்டமின் அளக்கும் முறையை உறுதிப்படுத்தியவர். மூன்றாவதில் ஆறு ஆசிரியர்களில் நான்காமவர். மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்தார், அவ்வளவுதான். முதல் வடிவத்தில் இந்த வேறுபாடு பெயர்களின் வரிசையில் மறைந்து கிடக்கிறது. இரண்டாம் வடிவத்தில் அது அழிக்கப்பட்டுவிட்டது. என் கணிப்பில் மறைந்து கிடப்பது மேல், தேடினால் கிடைக்கும்.

நியாயமாகச் சொன்னால், இரண்டு வடிவங்களுமே அந்த ஆய்வில் நிறுவனத்துக்கு மிகவும் தேவையான இடத்தைத் தவறவிட்டிருக்கின்றன. உடனடியாக ஐஸ் இட்ட மீன்களில், எந்த முறையானாலும், பன்னிரண்டாம் நாளிலும் ஹிஸ்டமின் 10ஐத் தாண்டவில்லை. கட்டுரையின் அட்டவணையில் முதல் இரண்டு வரிகள் அவை. வேறுபாடு இல்லாததால் விவாதப் பகுதியில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோயிருக்கிறார்கள். ஆய்வாளருக்கு வேறுபாடு இல்லாதது சுவையற்ற முடிவு. குழம்பு ஐஸ் உற்பத்திச் சாதனம் வாங்கலாமா என்று யோசிக்கும் முதலாளிக்கோ அதுவே பெறுமதியான முடிவு: படகோட்டி மீனை ஏற்றியவுடன் ஐஸ் இடுவதை உறுதிசெய்ய முடிந்தால், சாதனத்துக்குப் பணம் போடுவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்கலாம்.

ஆய்வை வணிகத் திறனாக மாற்றி எழுதுவதென்றால், கிடைத்த முடிவுக்கு வணிகப் பெயர் சூட்டுவதை விட, அந்த முடிவு தொழிற்சாலையின் எந்தத் தீர்மானத்தை மாற்றக்கூடும் என்று சொல்வதே பொருத்தம். எனவே நான் எதிர்பார்க்கும் வரி இவ்வாறு இருக்கும்: “இரண்டு ஐஸ் முறைகளையும் மூன்று தாமத நிலைகளையும் 54 மீன்களில் ஒப்பிடும் ஆய்வைத் திட்டமிட்டு நடத்தினேன். ஐஸ் முறையைவிடத் தாமதமே ஹிஸ்டமினை அதிகம் பாதித்தது. படகு மட்டக் கட்டுப்பாட்டையும் சாதன முதலீட்டையும் ஒப்பிட்டு முடிவெடுக்க இது பயன்படும். ஏற்றுமதித் தொகுதிகளில் இன்னும் சோதிக்கப்படவில்லை.” கடைசி வாக்கியம் விண்ணப்பதாரியைப் பலவீனப்படுத்தும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தர உறுதிப் பதவிக்கு அது பலம். இந்தப் பதவியில் ஒருவர் செய்யப்போகும் வேலையே எது சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்று பிரித்துச் சொல்வதுதான்.

கருவி முறையை உறுதிப்படுத்திய இரண்டாவது கட்டுரையும் இதே போன்றது. ஆய்வுலகில் அது சாதாரணக் கட்டுரை. தொழிற்சாலையின் ஆய்வுகூடம் ஐஎஸ்ஓ 17025 தரச்சான்றுக்கு விண்ணப்பிக்க நினைத்தால், மீட்பு வீதம், கண்டறியும் குறைந்தபட்ச அளவு, மீளச் செய்தால் ஒரே விடை வருமா என்பனவற்றை எழுதிக் காட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தக் கட்டுரை அதற்கு நேரடிச் சான்று. இரண்டாம் வடிவத்தில் இது “பகுப்பாய்வுத் திறன்” என்ற சொல்லுக்குள் சுருங்கிவிட்டது.

கட்டுரைகளில் வராத ஒரு திறனும் உண்டு. விடியற்காலையில் கொட்பேயில் படகு இறங்கும்போது, பிடித்த நேரத்தை உண்மையாகச் சொல்லும்படி படகோட்டிகளை இணங்கச் செய்து 54 மீன்களைப் பெற்றது சிறிய காரியமன்று. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் இரசாயனங்கள் வராமல் ஆய்வு நின்றிருந்தால், திட்டத்தை எப்படி மாற்றினார் என்பதும் கேட்டறிய வேண்டியது. இவற்றை எந்த வடிவமும் சொல்லவில்லை, நேர்முகத்தில்தான் வெளிவரும்.

நேர்முகத்தில் நான் வைக்க விரும்பும் கேள்வி ஒன்றே. ஒன்பது மாதிரிகளின் முடிவு வந்திருக்கிறது: ஆறு 70, மற்றவை 140, 120, 110. கொள்கலன் இன்றிரவு புறப்பட வேண்டும். சராசரி 88க்குக் கீழே, எதுவும் 200ஐத் தொடவில்லை. ஆனால் நூறைத் தாண்டியவை மூன்று, விதி அனுமதிப்பதோ இரண்டு. தொகுதி தேறாது. பதில் கிடைக்கும் நேரத்தை விட, அதை விற்பனை முகாமையாளரிடம் எப்படிச் சொல்வார், அந்த மூன்று மீன்களும் எந்தப் படகிலிருந்து வந்தவை என்று கேட்பாரா என்பதைக் கவனிப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்பவர் தன் ஆய்வேட்டைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இரண்டு வடிவங்களில் ஒன்றைத்தான் கையில் வைத்து முடிவெடுக்க வேண்டுமென்றால், நான் எட்டுப் பக்கத்தையே எடுப்பேன், அதுவும் கட்டுரையைத் திறந்து பார்க்க அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் மட்டும். அந்த அரை மணி நேரம் இல்லாத இடத்தில் ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு சதவீதத்துக்கும் எதிரே கட்டுரையின் அட்டவணை எண்ணைக் குறித்து அனுப்பும்படி விண்ணப்பதாரிக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம்.