நிஃப்டி மாத எக்ஸ்பயரியில் அயர்ன் காண்டோர்: சில வருட அனுபவம்

நிஃப்டி ஒரு எல்லைக்குள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும் மாதங்களில் நான் தொடர்ந்து அயர்ன் காண்டோர் போட்டு வருகிறேன். மேலே ஒரு கால், கீழே ஒரு புட் விற்று, இரண்டுக்கும் வெளியே பாதுகாப்புக்காக ஒரு காலும் புட்டும் வாங்குவதுதான் இது. வாங்கும் இந்த இரண்டும்தான் இறக்கைகள், விற்ற ஸ்ட்ரைக்கிலிருந்து அவை இருக்கும் தூரம்தான் இறக்கையின் அகலம். லாபத்தைத் தீர்மானிப்பது சந்தையைக் கணிக்கும் திறமை என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். என் அனுபவத்தில், இறக்கையின் அகலமும் திருத்த விதிகளும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். நிஃப்டி 25,000, எக்ஸ்பயரிக்கு 30 நாள், இந்தியா விக்ஸ் 13 என்று வைத்துக்கொள்வோம். 25,000 × 0.13 × √(30/365) என்று போட்டால் சுமார் 930 புள்ளி வரும். இந்த 30 நாட்களில் சந்தை எவ்வளவு நகரும் என்று ஆப்ஷன் விலைகள் சொல்லும் அளவு இது. அதை ஒட்டி, டெல்டா 15 முதல் 18 வரை இருக்கும் ஸ்ட்ரைக்குகளைத் தேடுவேன். 24,100 புட் 84 ரூபாய்க்கும் 25,900 கால் 83 ரூபாய்க்கும் கிடைக்கின்றன என்று கொள்வோம். இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பதற்காக எடுக்கக் கூடாது, டெல்டாவைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வீழ்ச்சி பயத்தால் புட் பக்கம் பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். ஆகவே பல நாட்களில் அந்தப் பக்கம் இன்னும் தள்ளிப் போக முடியும்.

இறக்கைக்கு 300 புள்ளி விடுவேன். 23,800 புட்டை 54க்கும் 26,200 காலை 38க்கும் வாங்கினால் கையில் நிற்பது 75 புள்ளி, அதிகபட்ச நஷ்டம் 225 புள்ளி. 65 அளவுள்ள லாட்டுக்கு 4,875 ரூபாய் வரவு, 14,625 ரூபாய் அபாயம். வரவு இறக்கையின் நான்கில் ஒரு பங்காவது இல்லையென்றால் அந்த மாதம் போடுவதே இல்லை. 100 புள்ளி இறக்கை மலிவாகத் தெரியும், ஆனால் நான்கு ஆப்ஷன்களின் தரகும் வரியும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்து வரவைத் தின்றுவிடும். 500 புள்ளி போட்டால் வரவு கூடும், ஆனால் ஒரு மோசமான மாதம் பல மாத லாபத்தைக் கொண்டுபோகும். 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு வந்த ஒரே நாளில் நிஃப்டி சுமார் 1,380 புள்ளி விழுந்தது. அப்படிப்பட்ட நாளில் திருத்தம் செய்ய அவகாசம் கிடைக்கும் என்று நம்ப முடியாது, வாங்கி வைத்த இறக்கை மட்டும்தான் காக்கும்.

சரி, மெதுவாக நகர்ந்தால்? 18 நாள் மீதம் இருக்கும்போது நிஃப்டி 25,550க்கு ஏறிவிட்டது. விற்ற காலின் டெல்டா 34, கால் பக்கம் 45லிருந்து 78 ஆகிவிட்டது, புட் பக்கம் 30லிருந்து 8க்கு இறங்கிவிட்டது. விற்ற காலின் டெல்டா 30ஐத் தாண்டினால் மறுபக்கத்தை நகர்த்துவது என் விதி. பழைய புட் ஜோடியை 8க்கு முடித்து, 24,900/24,600 ஜோடியை 32க்கு விற்கிறேன். 24 புள்ளி கூடுகிறது. மொத்த வரவு 99, அதிகபட்ச நஷ்டம் 201. எக்ஸ்பயரியில் மேலே நஷ்டம் தொடங்கும் இடம் 25,975லிருந்து 25,999 ஆகிறது.

இதற்கு விலையும் உண்டு. கீழ் எல்லை 24,025லிருந்து 24,801க்கு வந்துவிட்டது. சந்தை திரும்பினால் அந்தப் பக்கம் அடி விழும். அதனால் ஒரு முறைக்கு மேல் நகர்த்துவதில்லை. அடிபட்ட கால் பக்கத்தைப் பணம் கொடுத்து மேலே தள்ளுவதும் லாட்டைக் கூட்டுவதும் கிடையாது. அப்புறம், மொத்தத்தையும் முடிக்க ஆகும் செலவு வாங்கிய வரவின் இரு மடங்கைத் தொட்டால் வெளியேறிவிடுவேன்.

லாபப் பக்கம் வரவில் பாதி வந்ததும், அல்லது எக்ஸ்பயரிக்கு 7 நாள் இருக்கும்போது, எது முதலோ அன்று முடிக்கிறேன். கடைசி வாரத்தில் 150 புள்ளி நகர்வுக்கே விற்ற ஸ்ட்ரைக்கின் விலை தாறுமாறாக ஆடும். பாதி லாபம் என்றால் சுமார் 37 புள்ளி, நஷ்டம் 75. ஒரு நஷ்டத்தை ஈடுகட்ட இரண்டு லாப மாதம் வேண்டும், செலவையும் சேர்த்தால் அதற்கும் மேல். விக்ஸ் மிகவும் தாழ்ந்திருக்கும்போது இந்தக் கணக்கு நிற்காது. பட்ஜெட், ரிசர்வ் வங்கி முடிவு, தேர்தல் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாண்டியும் வைத்திருப்பதில்லை.

ஆர்டர் போடும் வரிசையும் முக்கியம். நுழையும்போது இறக்கைகளை முதலில் வாங்கினால் விற்பதற்கு மார்ஜின் குறைவாகவே பிடிக்கும். வெளியேறும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் நடுவில் மார்ஜின் பற்றாமல் ஆர்டர் நிராகரிக்கப்படலாம்.