ஒல்லியான உடம்பு ஏற: இன்னும் சோறா, கெய்னர் டின்னா, பால்-கடலை டம்ளரா?

எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஏறவில்லை என்று சொல்லும் ஒல்லியான இளைஞனுக்கு ஊரில் மூன்று யோசனைகள் கிடைக்கும். வீட்டில் "இன்னும் ரெண்டு கரண்டி சோறு போட்டுக்கோ" என்பார்கள். ஜிம் மாஸ்டர் வெயிட் கெய்னர் டின்னைக் காட்டுவார். கூடப் படிப்பவன் பாலில் வாழைப்பழமும் வேர்க்கடலையும் போட்டு அடித்துக் குடிக்கச் சொல்வான். மூன்றிலுமே கலோரி இருக்கிறது. எது மாதக்கணக்கில் நிற்கும், எவ்வளவு புரதம் தரும், கையை எவ்வளவு கடிக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். வயது 21, உயரம் 173 செ.மீ., எடை 48 கிலோ, ஹாஸ்டல் சாப்பாடு. இந்த உயரத்துக்கு பிஎம்ஐ 16 வருகிறது. 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு என்பதால், அந்தக் கோட்டைத் தொடவே இவன் 55 கிலோவைத் தாண்ட வேண்டும். ஓரளவு நடமாட்டம் உள்ள இப்படி ஒருவனின் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி செலவழிக்கும். எடை மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்றால் அவன் சாப்பிடுவதும் சராசரியாக அவ்வளவுதான்.

"நான் நிறையத்தான் சாப்பிடுகிறேன்" என்று அவன் சொல்வது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு பிரியாணியை முடித்திருப்பான். மறுநாள் காலை பசிக்காமல் டீயோடு கல்லூரிக்குப் போயிருப்பான். வாரம் முழுவதும் எழுதி வைத்துக் கூட்டினால்தான் இது தெரியும். உடம்பும் தன் பங்குக்கு விளையாடும். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூடச் சேரவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. சேராதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்து, நடந்து, எழுந்து உட்கார்ந்து அந்தச் சக்தியைச் செலவழித்திருந்தார்கள். ஆகவே ஒல்லியானவனுக்குக் கணக்கில் வரும் கூடுதல் போதாமல் போகலாம். தராசைப் பார்த்து மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

மூன்று வழிகளும் பக்கத்தில் பக்கத்தில்

இவனுக்குத் தொடக்கத்தில் தேவை தினம் ஒரு 450–500 கலோரி கூடுதல். இதைச் சோற்றிலேயே எடுப்பதானால் கிட்டத்தட்ட 350 கிராம் வெந்த சோறு, அதாவது இன்னொரு முழுத் தட்டு. மலிவானதுதான், மெஸ்ஸில் காசே கேட்க மாட்டார்கள். ஆனால் பசி சிறிதாக இருப்பவனுக்கு அதே வேளையில் இரண்டாவது தட்டு என்பது தண்டனை. நாலாம் நாள் கை தானாக நின்றுவிடும். அவ்வளவு சோற்றிலும் புரதம் 9 கிராம் அளவில்தான். சோற்று வழியைத்தான் பிடிக்கும் என்றால் அளவைக் கூட்டாமல், தட்டில் ஏற்கனவே இருக்கும் சோற்றில் இரண்டு ஸ்பூன் நெய்யோ இட்லிப் பொடியில் தாராளமாக நல்லெண்ணெயோ விடுவது புத்திசாலித்தனம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, வயிற்றில் இடமே பிடிக்காது.

கெய்னர் டின்னுக்கு வருவோம். பொதுவாக 100 கிராம் பவுடரில் 380 கலோரியும் 15 முதல் 20 கிராம் புரதமும் இருக்கும். மீதி பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்து. சில டின்களின் முன்பக்கத்தில் ஆயிரத்துக்கு மேல் கலோரி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் அது 300 கிராம் பவுடரைப் பாலில் கலந்த கணக்காக இருக்கும். அந்த வேகத்தில் ஒரு கிலோ டின் நாலு நாளைக்குக்கூட வராது. 100 கிராமுக்கு இவ்வளவு என்ற பத்தியை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். இதன் உண்மையான பலம் ஒன்றுதான்: ஃபிரிட்ஜ், அடுப்பு, மிக்ஸி எதுவும் வேண்டாம். தண்ணீரில் குலுக்கிக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போகலாம்.

மூன்றாவது வழியில் 250 மில்லி முழுக் கொழுப்புப் பால் (ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்), ஒரு வாழைப்பழம், 30 கிராம் வறுத்த வேர்க்கடலை. பாலில் 225, பழத்தில் 90, கடலையில் 170, மொத்தம் 485 கலோரி. புரதம் 16 கிராம். டின்னில் 100 கிராம் போட்டுக் குடிப்பவனுக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அதே புரதம்தான், கலோரி நூறு குறைவு. செலவைப் பாருங்கள்: இந்த டம்ளர் 30 ரூபாய்க்குள் முடியும். டின்னைக் கிலோ 600 ரூபாய்க்கு வாங்கினால்கூட ஒரு வேளை 60 ரூபாய்.

நான் மூன்றாவதையே சொல்வேன், விலைக்காக மட்டுமில்லை. திரவமாகக் குடிப்பது சோறு அளவுக்கு வயிற்றை அடைக்காது. மாலை நாலு மணிக்கோ இரவு படுக்கும் முன்போ குடித்தால் அடுத்த வேளைச் சாப்பாடு குறையாது. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் குடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. அப்போது தோசை இரண்டு குறையும், கூட்டிக் கழித்தால் லாபம் ஒன்றுமில்லை.

பால் குடித்தால் வயிறு உப்பி, கலகலத்துப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் பாலுக்குப் பதில் கெட்டித் தயிரை அடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கடலையை 60 கிராமாக்கிப் பாலை விட்டுவிடலாம். ஃபிரிட்ஜ் இல்லாத ஹாஸ்டலில் பால் பவுடர் 40 கிராமைத் தண்ணீரில் கரைத்தால் அதே வேலை நடக்கும். கடலை மிட்டாயும் பேரீச்சையும் பையிலேயே கிடக்கலாம். இதெல்லாம் முடியாத இடத்தில் மட்டும் டின் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

புரதத்தில் இன்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். எடை தூக்குபவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு போதும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் வந்த கணக்கு. இவனுக்கு அது 80 கிராமுக்குள். ஹாஸ்டல் சாப்பாட்டில் 50 கிராம் வந்தால், டம்ளரில் 16, இரண்டு முட்டையில் 12, சரியாகிவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்.

நாலாவதாக ஒன்று ரகசியமாக விற்கிறது: "ஒரே மாதத்தில் உடம்பு" மாத்திரை. இதை ஒப்பிடவே கூடாது. இப்படிக் கொடுக்கப்படுபவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும் அடிக்கடி வருபவை. முதலாவது முகத்தை உப்ப வைக்கும், நீரைத் தேக்கும், சர்க்கரையை ஏற்றும், தசையைக் கரைக்கவே செய்யும். பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

தூக்காமல் சாப்பிட்டால் மட்டும்?

எடை ஏறும், ஆனால் தொப்பையாக. இந்தியர்களுக்கு இது கூடுதல் கவலை. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: பார்க்க ஒல்லியாக இருந்தாலும் நம் உடம்பில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அந்த உடம்பில் வெறும் மாவுச்சத்தைக் கொட்டினால் கைகால் குச்சியாகவும் வயிறு முன்னாலும் வரும்.

ஜிம்மிலும் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. பெரும்பாலான இடங்களில் திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று ஆறு நாள் அட்டவணை எழுதிக் கொடுப்பார்கள். சனிக்கிழமைக்கு லெக்ஸ் என்று இருக்கும், அன்று யாரும் வர மாட்டார்கள். இன்னொன்று, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும். ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங். அடுத்த நாள் ஸ்குவாட், ஷோல்டர் பிரஸ், டெட்லிஃப்ட். இப்படி மாற்றி மாற்றி.

புதிதாகத் தொடங்கும் ஒல்லியானவனுக்கு இரண்டாவதுதான். அவன் தூக்கும் எடைக்குத் தசை இரண்டு நாளில் தேறிவிடும். ஒரே தசையை வாரம் ஒருமுறை மட்டும் தொட்டால் மீதி நாட்கள் வீண். ஸ்குவாட் மாதிரி நுட்பமான அசைவு மாதத்தில் நாலு தடவை செய்து வராது, பன்னிரண்டு தடவை செய்தால் வரும். அப்புறம், கஷ்டப்பட்டுச் சேர்க்கும் கூடுதல் கலோரியில் ஆறு நாள் ஜிம் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். ஆறு நாள் அட்டவணை இரண்டு மூன்று வருடம் தூக்கியவர்களுக்குப் பொருந்தும்.

வெறும் பார்பெல் 20 கிலோ. ஸ்குவாட்டை அதிலேயே தொடங்கி, மூன்று செட், ஒவ்வொன்றிலும் ஐந்து முறை. புத்தகக் கணக்குப்படி அடுத்த நாள் 2.5 கிலோ ஏற்ற வேண்டும். ஆனால் நம் ஊர் ஜிம்களில் பலவற்றில் 1.25 கிலோ பிளேட் இருக்காது, ஏற்றினால் 5 கிலோதான். அப்போது எடையை மாற்றாமல் ஐந்தை ஆறு, ஏழு, எட்டு என்று கொண்டுபோய், மூன்று செட்டிலும் எட்டு வந்த பிறகு 5 கிலோ போட்டு மறுபடி ஐந்திலிருந்து தொடங்கலாம். ஷோல்டர் பிரஸுக்கு வெறும் பாரே கனமாக இருந்தால் 5 கிலோ டம்பெல்கள். டெட்லிஃப்டில் சின்ன பிளேட் போட்டால் பார் தரையோடு ஒட்டி முதுகு வளையும், தரையில் இரண்டு பக்கமும் பிளேட்டுகளை அடுக்கி, பாரை அவற்றின் மேல் முழங்காலுக்குக் கீழே பாதி உயரத்தில் வைத்துத் தூக்க வேண்டும்.

பன்னிரண்டு வாரத்தில் என்ன தெரியும்

எடையைக் காலையில் கழிவறை போய் வந்து வெறும் வயிற்றில் பார்த்து, வாரச் சராசரியை எழுத வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் ஒரு கிலோ குதிக்கலாம், அதில் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் இருக்கும் உணவும். அதன் பிறகு வாரம் கால் கிலோ முதல் 400 கிராம் வரை ஏறினால் நல்ல வேகம். இந்தப் பையன் மூன்று மாதத்தில் 52 பக்கம் வருவான், 55-ஐத் தொட ஐந்து, ஆறு மாதம் ஆகும்.

இரண்டு வாரம் தராசு அசையவில்லை என்றால் டம்ளரில் இன்னொரு 200 கலோரி: கடலையை 65 கிராமாக்கினாலே போதும். எடை ஏறுகிறது, ஆனால் பாரில் எடை ஏறவில்லை, தொப்புள் மட்டத்தில் டேப் வைத்தால் இடுப்பு மட்டும் பெருக்கிறது என்றால் சாப்பாட்டைக் கூட்டக் கூடாது, தூக்கத்தையும் பயிற்சியையும் பார்க்க வேண்டும். பாரில் ஏறுகிறது, தராசில் ஏறவில்லை என்றால் சாப்பாடுதான் போதவில்லை, அட்டவணையை மாற்ற வேண்டாம்.

இவை எல்லாம் சிறு வயதிலிருந்தே ஒல்லியாக இருப்பவருக்கு. நன்றாக இருந்த உடம்பு சில மாதத்தில் இளைத்தவர் ஜிம்முக்குப் போகும் முன் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு, சர்க்கரை, காசநோய், குடல் கோளாறு என்று பார்க்க வேண்டியவை உண்டு. சாப்பிடவே பயமாக இருக்கிறது, எடை ஏறுமோ என்று மனம் தடுக்கிறது என்றால் அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதே.