அப்டேட் நின்றுபோனால் முதலில் எது: கேச்சை அழிப்பதா, கோப்புகளைச் சரிபார்ப்பதா?

லாஞ்சர் "Updating" என்றோ "Verifying" என்றோ காட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், யாரைக் கேட்டாலும் இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று கேச்சை அழிப்பது. இன்னொன்று விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்த்து ரிப்பேர் செய்வது. எனக்கும் அண்மையில் இந்த நிலை வந்தது. நான் கேச்சிலிருந்து தொடங்கினேன். இனி வந்தாலும் அப்படித்தான் தொடங்குவேன், குறிப்பாக விண்டோஸில் ஸ்டீம் வைத்திருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். ஏன் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

இணைய இணைப்பைப் பார்ப்பது, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வது, டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை முடித்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் எந்த வழிக்கும் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அது உண்மையிலேயே நின்றுவிட்டதா? ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்கில் 90 ஜிபி விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு 400 எம்பி அப்டேட் வருகிறது. டவுன்லோடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அப்புறம் சதவீதம் நகரவே இல்லை, நெட்வொர்க் வேகம் பூஜ்யம். ஸ்டீம் ஒரு கோப்பை ஏறக்குறைய 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் இறக்குகிறது. இறக்கியவற்றைப் பழைய கோப்பின் உள்ளே நேராகச் செருகிவிடுவதில்லை. பழைய துண்டுகளையும் புதிய துண்டுகளையும் சேர்த்துக் கோப்பைப் புதிதாக எழுதி, எல்லாம் தயாரான பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறது. விளையாட்டின் பெரும்பகுதி 30 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பில் இருந்தால், அந்த 400 எம்பிக்காக 30 ஜிபியைப் படித்து 30 ஜிபியை எழுத வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில், படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, இதற்கு அரை மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை.

ஆகவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த டிரைவின் வரைபடத்தைப் பாருங்கள். ஸ்டீமின் டவுன்லோடு பக்கத்திலேயே டிஸ்க் பயன்பாடும் தெரியும். டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் லாஞ்சரை வலுக்கட்டாயமாக மூடினால், அதுவரை கட்டிய கோப்பு பாதியில் நிற்கும். நெட்வொர்க், டிஸ்க் இரண்டும் சில நிமிடங்களாகப் படுத்தே கிடந்தால் மட்டும் அது நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

சரி, உண்மையில் நின்றுவிட்டது. இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஸ்டீமில் கேச்சை அழிக்க Settings, அதில் Downloads, அதில் Clear Download Cache. நிறுவிய விளையாட்டுகளை இது தொடாது. லாஞ்சர் தன் பக்கத்தில் சேமித்து வைத்திருக்கும் டவுன்லோடு தொடர்பான தகவல்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறது. விலை என்னவென்றால் திரும்ப லாகின் செய்ய வேண்டும். கடவுச்சொல்லும், குறியீடு வரும் போனும் கையில் இருக்கட்டும். மொத்தம் ஒன்றிரண்டு நிமிட வேலை.

கோப்புகளைச் சரிபார்க்க, விளையாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து Properties, அதில் Installed Files, அதில் Verify integrity of game files. இது முழு விளையாட்டையும் படிக்கிறது. ஒவ்வொரு பகுதியும் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாததை மட்டும் திரும்ப இறக்குகிறது. 90 ஜிபியை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால்கூட 10 நிமிடம். ஹார்ட் டிஸ்க்கில் சிறு கோப்புகள் நிறைய இருந்தால் அந்த வேகமே கிடைக்காது. எஸ்எஸ்டி என்றால் இது பெரிய குறை இல்லை.

நேரத்தை மட்டும் வைத்து நான் கேச்சின் பக்கம் சாயவில்லை. என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: சரிபார்க்கும் வேலையும் அதே டவுன்லோடு வரிசையின் வழியாகத்தான் ஓடுகிறது. அடைத்துக்கொண்ட குழாயின் வழியாகவே மருந்தை ஊற்றுவது போன்றது இது. அப்டேட் பாக்கி இருக்கும்போது Verify கொடுத்தால், படித்து முடித்ததும் அது பொருந்தாத துண்டுகளை இறக்கி எழுதப் போகும். எந்த இடத்தில் அப்டேட் நின்றதோ அதே இடத்தில் இதுவும் நிற்கும். "Updating" என்பது "Verifying" என்று மாறியிருக்கும், அவ்வளவுதான். பலர் "வெரிஃபையும் 100 சதவீதத்தில் நிற்கிறது" என்று புலம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அங்கே கெட்டுப்போனது விளையாட்டு அல்ல, அதைக் கொண்டுவந்து எழுதும் வேலை. அதை முதலில் சரிசெய்தால்தான் சரிபார்ப்பதற்கே பொருள் உண்டு.

கேச் அழித்தும் நகரவில்லை என்றால், கேச்சின் நீட்சியாக இன்னொரு படி இருக்கிறது. அரைகுறையாக இறங்கிய அப்டேட் ஒரு தனிக் கோப்புறையில் கிடக்கும். விளையாட்டின் எண்ணே அதன் பெயர். ஸ்டோர் பக்கத்தின் முகவரியில் /app/ என்பதற்கு அடுத்து வரும் எண் அது.

```
steamapps\downloading\<எண்>
```

ஸ்டீமை மெனுவில் Exit கொடுத்து முழுதாக மூடுங்கள். மேல்மூலைப் பெருக்கல் குறி போதாது, அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த எண் உள்ள கோப்புறையை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்துவதே நல்லது, அழிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மறுபடி திறந்தால் அப்டேட் முதலிலிருந்து தொடங்கும். இழப்பது அதுவரை இறங்கிய அப்டேட் மட்டும், 90 ஜிபி அல்ல. பக்கத்திலேயே இருக்கும் common கோப்புறையில்தான் விளையாட்டே இருக்கிறது, அதைத் தொட்டுவிடாதீர்கள். புதிய கோப்புகள் பழையவற்றின் இடத்துக்கு நகரும் கட்டத்தில் நின்றிருந்தால், விளையாட்டு பாதி பழையது, பாதி புதியது என்று இருக்கலாம். அதனால் இந்தப் படிக்குப் பிறகு ஒருமுறை Verify கொடுப்பது அவசியம். அதற்கு உரிய இடமும் இதுதான்.

இதற்கும் மசியாவிட்டால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டீமின் லாக் கோப்பைப் படியுங்கள். ஸ்டீம் நிறுவிய இடத்தில் இது இருக்கும்:

```
Steam\logs\content_log.txt
```

கோப்பின் கடைசிக்குப் போய் "update canceled" என்று தேடினால், ஏன் கைவிட்டது என்ற காரணமும் பக்கத்திலேயே இருக்கும். டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று ஒரு கோப்பின் பாதையோடு வந்தால், அந்தக் கோப்பை வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. ஆன்டிவைரஸ், மூடாமல் பின்னணியில் ஓடும் விளையாட்டு, விண்டோஸின் Controlled folder access ஆகியவை வழக்கமான சந்தேக நபர்கள். திரையில் "Content file locked" என்று வருவதும் இதே வகைதான். இந்த நிலையில் கேச்சும் உதவாது, ரிப்பேரும் உதவாது. தடுப்பது ஆன்டிவைரஸ் என்றால், ஸ்டீம் கோப்புறைக்கு அதில் விலக்கு கொடுத்தால் அடுத்த முயற்சியில் ஓடிவிட வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் சரிபார்ப்பது எப்போது முதல் இடத்துக்கு வரும்? அப்டேட் ஒழுங்காக முடிந்து, விளையாட்டு திறந்தவுடன் மூடிக்கொண்டால். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விழுந்தால். மின்சாரம் போய் கணினி பாதியில் அணைந்திருந்தால். இங்கெல்லாம் கேச்சை அழிப்பது வீண்வேலை. இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். முடிவில் ஓரிரு கோப்புகள் "failed to validate" என்று ஒவ்வொரு முறையும் வந்தால் பயப்பட வேண்டாம், பல விளையாட்டுகளில் அவை உங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் கோப்புகள், மாறித்தான் இருக்கும். இரண்டாவது, மாட் போட்டிருப்பவர்களுக்கு. மாட் மாற்றி எழுதிய மூலக் கோப்புகளை Verify பழையபடி ஆக்கிவிடும். ஆனால் மாட் புதிதாகச் சேர்த்த கோப்புகளைக் கண்டுகொள்ளாது. முடிவில் பாதி மாட் போட்ட விளையாட்டு மிஞ்சும், அதுவே விழுவதற்குப் புதுக் காரணமாகிவிடும். மாட்டை முறையாக நீக்கிவிட்டுச் சரிபார்ப்பதே நல்லது.

என் சாய்வு எல்லா லாஞ்சருக்கும் பொருந்தாது. எபிக்கில் கேச் அழிக்கச் சொல்லும்போது பெரும்பாலும் %localappdata%\EpicGamesLauncher\Saved உள்ளே இருக்கும் webcache என்று தொடங்கும் கோப்புறைகளைச் சொல்கிறார்கள். அது லாஞ்சரின் உள்ளே இருக்கும் உலாவியின் கேச். சாளரம் வெறுமையாக வந்தாலோ, ஸ்டோர் பக்கம் சுழன்றுகொண்டே இருந்தாலோ அது கைகொடுக்கும். விளையாட்டின் அப்டேட் நின்றதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆகவே அங்கே லாஞ்சரை முழுதாக மூடித் திறந்துவிட்டு, நூலகத்தில் மூன்று புள்ளியை அழுத்தி Manage வழியாக Verify கொடுப்பதே எனக்குச் சரியான முதல் படியாகப் படுகிறது. பேட்டில்.நெட்டில் Scan and Repair இருக்கிறது, கேச் கோப்புறையை அழிக்கும் வழியும் இருக்கிறது. அங்கே என் அனுபவம் குறைவு, எனவே எது முந்தியது என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

முழுதாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதை நான் மூன்றாவது போட்டியாளராகவே சேர்க்கவில்லை. எழுத முடியாமல் தடுப்பது ஆன்டிவைரஸ் என்றால், 90 ஜிபியை இறக்கிய பிறகும் அது தடுக்கத்தான் போகிறது.

கடைசியாக ஒன்று. Verify கொடுக்கிறீர்கள், சில கோப்புகள் பழுது என்று இறக்குகிறது. உடனே மறுபடி கொடுக்கிறீர்கள், திரும்பவும் பழுது. ஒவ்வொரு முறையும் பழுதாவது அதே பெரிய கோப்பு என்றால், டிஸ்க்கின் அந்தப் பகுதியைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பு என்றால், சந்தேகம் ராம் மேல் போக வேண்டும், முக்கியமாக அதை ஓவர்கிளாக் செய்திருந்தால். முதலாவதற்கு இந்தக் கட்டளையை அட்மின் உரிமையோடு ஓட்டலாம், டிரைவ் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
chkdsk D: /r
```

பெரிய ஹார்ட் டிஸ்க்கில் இது பல மணி நேரம் எடுக்கும். அது கெட்ட செக்டர்களைக் கண்டால், லாஞ்சரை விட்டுவிட்டு உங்கள் சேவ் கோப்புகளையும் மற்ற முக்கியமானவற்றையும் வேறு டிரைவுக்கு நகலெடுக்கத் தொடங்குங்கள்.