காசாளர் எடுத்த 42,000 வெள்ளி: கடனா, நட்டமா?

சுங்கை சிப்புட்டில் தோட்டக்காரர்களுக்கு உரமும் களைக்கொல்லியும் கடனுக்கு விற்கும் ஒரு கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஆகஸ்டில் ஆடிட் வந்தபோது பெட்டிக் காசு சரியாகத்தான் இருந்தது. ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகலையும் பேங்க் சிலிப்பையும் அருகருகே வைத்ததும்தான் விஷயம் வெளிவந்தது. 3ஆம் தேதி வாங்கிய காசு 19ஆம் தேதிதான் பேங்குக்குப் போயிருந்தது. ஒருவர் கட்டியதைக் காசாளர் எடுத்துக்கொள்வார். பிறகு அடுத்தவர் கட்டியதை வைத்து முந்தியவர் கணக்கை அடைப்பார். இப்படியே 42,000 வெள்ளி போயிருந்தது.

ஓட்டை பெட்டியில் இல்லை, வாடிக்கையாளர் பாக்கியில் இருந்தது. ரசீது வைத்திருப்பவரிடம் மறுபடி கேட்க முடியாது. அதனால் பாக்கியிலிருந்து 42,000 கழிந்தே ஆக வேண்டும். அதை எங்கே கொண்டுபோய் எழுதுவது என்பதில்தான் எனக்கும் முதலாளிக்கும் வாக்குவாதம்.

"அவன்தானே எடுத்தான், அவன் பேரிலேயே கடனா எழுதுங்க" என்றார் முதலாளி. அப்படி எழுதினால் லாபம் குறையாது. மாதம் 500 கட்டுவதாகக் காசாளரும் கடிதம் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கணக்கில் முழுவதும் வந்து சேர ஏழு வருஷம் ஆகும். இரண்டு மாதம் கட்டினார், நவம்பரில் நின்றுபோனது. வேலையை விட்டு நீக்கியாயிற்று, பிடிக்கச் சம்பளமும் இல்லை. இபிஎஃப் பணத்தில் கடன்காரர் கை வைக்கச் சட்டம் விடாது. விற்கக்கூடிய சொத்தை அவர் ஈடாகத் தந்திருந்தால் அந்த அளவுக்காவது முதலாளி சொன்னதை ஏற்றிருப்பேன்.

நான் சொன்னது: 42,000 முழுவதையும் இந்த வருஷமே நட்டமாக எழுதுவது, வருவது உறுதியானதை மட்டும் வரவேண்டியதாகக் காட்டுவது. தனியார் நிறுவனங்களுக்கான எம்பிஇஆர்எஸ் கணக்கு விதியும் கிட்டத்தட்ட உறுதியான பணத்தைத்தான் சொத்தாகக் காட்ட விடுகிறது. "நட்டம்னு எழுதினா விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று முதலாளி பயந்தார். ஆகாது. கணக்கில் எழுதுவதால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது.

ஊழியர் மோசடிக்கான காப்புறுதி கடைக்கு இருந்தது. தெரிந்த உடனே போலீஸ் ரிப்போர்ட் செய்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் சொன்னோம். ரசீது நகல் இருந்த 33,000 மட்டுமே நிரூபணமானது. நகல் கிழிக்கப்பட்டிருந்த 9,000-ஐ அவர்கள் ஏற்கவில்லை. பாலிசிப்படி நாம் ஏற்க வேண்டிய முதல் 2,000 போக, 31,000 தருவதாக டிசம்பரில் கடிதம் வந்தது. அதுவரை கணக்கில் ஒரு காசும் காட்டவில்லை, வந்த பிறகே 31,000-ஐ வரவேண்டியதாக எழுதினேன். காசாளர் கட்டிய 1,000-ஐயும் சேர்த்தால் அந்த வருஷத்தில் கடைக்கு நின்ற நட்டம் 10,000.

அந்த 1,000-ஐயும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டோம். மீட்கும் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று பாலிசிதான் சொல்லும். அவர்களைக் கேட்காமல் காசாளரோடு சமரசக் கடிதம் போட்டிருந்தால் கிளெய்மே ஆட்டம் கண்டிருக்கும். இனி அவர் 500 கட்டினால், கையில் வரும் மாதத்தில் அதை வரவாக எழுதுவேன்.